முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போட்ட கையெழுத்து

புது ஃபிளாட்டின் சாவியை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் செய்த தப்பையும், அதைச் சரிக்கட்ட எழுதிய கடிதத்தையும் அப்படியே சொல்கிறேன். பில்டர் பெயரைப் போடவில்லை. விஷயம் இன்னும் முடியவில்லை.

வீடு தாம்பரம் தாண்டி. மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம். ஆவணியில் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட்டும் போட்டாயிற்று. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை நாலு மணிக்குச் சாவி வாங்கப் போனேன். அலுவலகத்தில் இருந்த பெண் ஒரு தாளை நீட்டினார். "வீட்டைப் பார்வையிட்டேன், எல்லா வேலைகளும் எனக்குத் திருப்தியாக உள்ளன" என்று அச்சடித்து, கீழே என் பெயர்.

"இன்னும் உள்ளேயே போகலையேம்மா" என்றேன்.

"ஃபார்மாலிட்டிதான் சார். இதுல கையெழுத்து இருந்தாத்தான் சாவி ரிலீஸ் ஆகும். சின்னச் சின்ன வேலை இருந்தா அப்புறமா மெயில் போடுங்க, பண்ணிக் கொடுத்துடுவாங்க."

விடிந்தால் முகூர்த்தம். போட்டுவிட்டேன்.

அந்தத் தாளைத் தவிர்க்க முடியாது என்றாலும், கையெழுத்துக்கு மேலே கையாலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம்: "உட்புற வேலைகளைச் சோதிக்க நேரம் தரப்படவில்லை, குறைகளைத் தனியே எழுத்தில் தருவேன்." தேதி போட்டு, அதை செல்போனில் ஒரு படமும் எடுத்திருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பால் காய்ச்சி, சாப்பாடு முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு அம்மா பாத்ரூமைக் கழுவிவிட்டார்கள். இரண்டு வாளித் தண்ணீர். அது மூலையில் இருக்கும் வடிகால் ஜாலி பக்கம் போகவில்லை. கதவுப் பக்கம் வந்து, படியைத் தாண்டி, பெட்ரூமில் விரித்திருந்த ஜமுக்காளத்தை நனைத்தது. மாமனார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பது வருடம் கொத்தனாராகவும் மேஸ்திரியாகவும் இருந்தவர். "மாப்ள, இதுல வாட்டமே இல்லையே" என்றார். தண்ணீர் வடிகால் பக்கம் ஓடுவதற்காகத் தரையில் விடுகிற சரிவைத்தான் வாட்டம் என்பார்கள். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்துவிட்டார்.

தட்டினார். நல்ல டைல்ஸில் நாணயம் 'டிக் டிக்' என்று கெட்டியாகச் சத்தம் தரும். அடியில் காலியாக இருந்தால் 'டொப் டொப்' என்று பானையைத் தட்டினது போல வரும். ஐந்து நிமிடத்தில் யார் காதுக்கும் வித்தியாசம் பிடிபட்டுவிடும். ஹாலில் இரண்டுக்கு இரண்டு அடி விட்ரிஃபைடு டைல்ஸ் 56 இருந்தன. பத்தொன்பது 'டொப்' என்றன. அதில் பதினொன்று பால்கனிக் கதவை ஒட்டி வரிசையாக.

காரணத்தையும் அவரே சொன்னார். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது என்று சொல்லலாம். அதனால் பழைய மொசைக் காலத்து மாதிரி வெறும் சிமெண்ட் பாலை ஊற்றி ஒட்டினால் பிடிப்பு இருக்காது. அதற்கென்று இருக்கிற பசையைப் பல்கரண்டியால் தரை முழுக்கச் சீராக இழுத்து, மேலே வைத்து அமுக்க வேண்டும். அவசர வேலையில் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு உருண்டை வைத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். கட்டில் காலோ பீரோ காலோ அந்தக் காலி இடத்தில் வந்து நின்றால் ஒருநாள் விரிசல் விடும்.

'டொப்' என்று கேட்ட எல்லாமே குறை இல்லை என்பதையும் அவரே சொன்னார். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கேட்டால் விட்டுவிடலாம். மூலை முழுக்கவோ, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மேலேயோ கேட்டால்தான் மாற்றச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் பத்தொன்பது, பதினான்காகக் குறைந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் புலம்பினால் நம் பட்டியலுக்கே மதிப்பு போய்விடும் என்பது அவர் கட்சி. எனக்கும் சரி என்றே பட்டது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் நான் எழுதிய முதல் கடிதம் இருக்கிறதே, அதை இப்போது படித்தால் சிரிப்பு வருகிறது. "ஹாலில் டைல்ஸ் சரியில்லை. பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறது. பெயிண்ட் வேலை மோசம். உடனே சரிசெய்யவும்." கோபம் மட்டும் நிறைய இருந்தது. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: தாங்கள் திருப்தி தெரிவித்துக் கையெழுத்திட்டுள்ளீர்கள், இருப்பினும் நல்லெண்ண அடிப்படையில் ஆள் அனுப்புகிறோம். ஒரு பையன் வந்தான். ஹால் டைல்ஸ் இடுக்குகளில், அவற்றை அடைக்கிற வெள்ளைக் கிரௌட் கலவையைத் தேய்த்தான். பாத்ரூம் வாசலில் ஒரு கிரானைட் பட்டையை ஒட்டிப் படியை உயர்த்தினான். சுவரில் ஒரு கோட் அடித்தான். மாலையே 'குறைகள் நீக்கப்பட்டன' என்று மெயில்.

படியை உயர்த்தினால் தண்ணீர் பெட்ரூமுக்கு வராது, உண்மைதான். ஆனால் பாத்ரூமிலேயே குளமாக நிற்கும். நின்ற தண்ணீர் டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கி, நாளைக்குக் கீழ்வீட்டுக் கூரையில் கறையாக வரும். அப்போது சண்டை எனக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும்தான் நடக்கும். பில்டர் அதில் இருக்கவே மாட்டார்.

இரண்டாவது கடிதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. மாமனார் சொன்னது ஒன்றுதான்: "என்ன குறைன்னு மட்டும் எழுதாதீங்க மாப்ள. எங்கே, எவ்வளவு, எப்படிப் பாத்தோம், எப்படிச் சரி பண்ணணும், நாலும் எழுதுங்க. இல்லேன்னா அவன் இஷ்டத்துக்குப் பண்ணிட்டு முடிச்சாச்சும்பான்."

ஆங்கிலத்தில் எழுதியதில் பாத்ரூம் பகுதியை மட்டும் தமிழில் தருகிறேன்:

"பெரிய பெட்ரூமை ஒட்டிய பாத்ரூம், 7 அடிக்கு 4.5 அடி. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி 20 நிமிடம் காத்திருந்தோம். கதவை ஒட்டி 2 அடி நீளத்துக்கு, அதிகபட்சம் 8 மில்லிமீட்டர் ஆழத்தில் தண்ணீர் நின்றது. படம் 7, 8, ஸ்கேலுடன். டியூப் மட்டம் வைத்துப் பார்த்ததில் கதவோரத் தரை, வடிகால் வாயைவிட 5 மில்லிமீட்டர் தாழ்வாக உள்ளது. நூற்றுக்கு ஒன்று என்ற வாட்டத்தின்படி இந்த நீளத்துக்கு அது சுமார் 20 மில்லிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். வாசலில் பட்டை ஒட்டியதைச் சரிசெய்ததாக ஏற்கவில்லை. தரை டைல்ஸை எடுத்து, வாட்டத்தை மறுபடி போட்டுத் தர வேண்டும். டைல்ஸ் உடைக்கும்போது அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு சேதமாகலாம் என்பதால், புது டைல்ஸ் ஒட்டும் முன் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்வீட்டுக் கூரையை என் முன்னிலையில் பார்க்க வேண்டும்."

டியூப் மட்டம் என்பது பெரிய கருவி ஒன்றும் இல்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து தரை வரை ஸ்கேலால் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் சல்லிசாகக் கிடைக்கும்.

ஹால் டைல்ஸுக்கு ஒரு படம் வரைந்து, வாசலிலிருந்து எண்ணி, எந்த வரிசையில் எத்தனையாவது என்று பதினான்குக்கும் எண் கொடுத்தேன். தரையிலும் அதே எண்ணைச் சாக்பீஸால் எழுதிப் படம் எடுத்தேன். கடைசியில் சட்டத்தைப் பற்றி ஒரே பத்தி. 2016 ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3): ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், தனிக் காசு வாங்காமல் 30 நாளுக்குள் பில்டர் சரிசெய்ய வேண்டும். எங்கள் ஒப்பந்தத்தில் உள்வேலைக்கு ஒரு வருடம்தான் என்று போட்டிருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டி, 'சட்டம் சொல்வது ஐந்து' என்று மட்டும் எழுதினேன். மெயிலிலும் அனுப்பி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன்.

இந்த முறை பையன் வரவில்லை. சைட் இன்ஜினியரே வந்தார். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவரும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பதினான்கில் பன்னிரண்டை ஒப்புக்கொண்டார். "ஓட்டை போட்டு உள்ள கிரௌட் ஏத்திடலாம் சார், உடைக்க வேணாம்" என்றார். ஒன்றிரண்டு என்றால் சரி, வரிசையாகப் பதினொன்று இருக்கும் இடத்தில் அது எப்படிப் போதும் என்று கேட்டேன். எழுத்தில் இருந்ததால் அவராலும் நழுவ முடியவில்லை.

பன்னிரண்டையும் எடுத்து மாற்றினார்கள். இங்கே இன்னொரு சிக்கல் இருந்தது, அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. டைல்ஸ் பெட்டியில் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் அச்சடித்திருப்பார்கள். ஒரே டிசைனாக இருந்தாலும் வேறு பேட்ச் என்றால் நிறம் லேசாக மாறும். பால்கனிப் பக்கம் இப்போது காலை வெயிலில் பார்த்தால் சாம்பலில் ஒரு மஞ்சள் திட்டு. அந்தப் பேட்ச் முடிந்துவிட்டதாம். சாவி வாங்கும்போதே உங்கள் வீட்டில் போட்ட அதே பேட்சில் ஒரு பெட்டி கேட்டு வாங்கிப் பரண்மேல் போட்டுவையுங்கள்.

பாத்ரூமுக்கு இரண்டரை மாதம் பிடித்தது. உடைத்துப் பார்த்தபோது வடிகாலைச் சுற்றிப் பூச்சு ஏற்கனவே உரிந்திருந்தது. தண்ணீர் கட்டிய பன்னிரண்டாவது மணி நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் கூப்பிட்டார்: "சார், எங்க கீஸருக்கு மேல ஈரமா இருக்கு." அதை மட்டும் கேட்காமல் விட்டிருந்தால் மேலே புது டைல்ஸ் ஒட்டி மூடியிருப்பார்கள். பூச்சை மறுபடி அடித்து, மறுபடி 24 மணி நேரம் கட்டி, கூரை காய்ந்திருப்பதைப் பார்த்த பிறகே ஒட்டவிட்டேன்.

பெயிண்ட் விவகாரத்தில் நான் ஏமாந்தது ஏமாந்ததுதான். அந்தப் பையன் ஒரு கோட் அடித்தானே, ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்தச் சுவர்தான். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெளிப்பக்கம் சிலிகான் அடிக்காமல் விட்டிருந்தார்கள். மூன்றாவது மாடியில் வெளிப்பக்கம் யார் தலையை நீட்டிப் பார்ப்பது? ஐப்பசி மழையின் மூன்றாம் நாள், அந்த இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி உப்பி, கையை வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது. செல்போனை ஜன்னல் வழியாக வெளியே பிடித்து வீடியோ எடுத்தேன். ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

மூன்றாவது கடிதம் போய் இன்றோடு 34 நாள். மழை நிற்கட்டும் என்கிறார்கள். அந்த ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி அமைந்த ரெரா ஆணையத்தில் கொடுக்கப் புகாரைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று கடிதம், ஒப்புகை அட்டைகள், எண் போட்ட படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. மேலே வைத்திருப்பது நான் ஆவணியில் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகல்.