கேம் சாட்டில் வந்த ‘அண்ணா’வும் போன 6,000 ரூபாயும்

என் தம்பி பிளஸ் ஒன் படிக்கிறான். மொபைலில் ஸ்குவாடாகச் சேர்ந்து ஆடும் ஷூட்டிங் கேம்தான் அவனுக்கு உலகம். அதன் சாட்டில் பழகிய ஒருத்தன் 6,000 ரூபாயைச் சுருட்டிவிட்டான். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது.

ஆரம்பத்தில் அவன் பணப் பேச்சே எடுக்கவில்லை. தோற்கிற மேட்சில் வந்து காப்பாற்றுவான். “சாப்ட்டியா தம்பி, நாளைக்கு என்ன எக்ஸாம்?” என்பான். ஒருநாள் கேட்காமலே ஸ்கின் என்கிற கேம் அலங்காரம் ஒன்றை கிஃப்ட்டாக அனுப்பியிருக்கிறான். “சொந்த அண்ணன் மாதிரிக்கா” என்கிறான் தம்பி, இப்போதும்!

அப்புறம் சாட் ஹேங் ஆகுது என்று சொல்லி வெளியே ஒரு மெசேஜ் ஆப்புக்கு இழுத்திருக்கிறான். “நான் துபாய்ல இருக்கேன், இந்தியா ஸ்டோர்ல என் கார்டு எடுக்கல. கிஃப்ட் கார்டு வாங்கி கோடு மட்டும் அனுப்பு, டபுளா டைமண்ட் போடுறேன்.” முதலில் 500 ரூபாய். சொன்னபடி, கேமில் காசாகச் செலவழிக்கிற அந்த டைமண்ட் வந்தது. அதுதான் தூண்டில். அடுத்து 1,000. அது வருவதற்குள் “ஆஃபர் ராத்திரியோட முடியுது, வீட்ல சொல்லாத” என்று 5,000. இந்தக் கடைசி இரண்டும்தான் போன 6,000. எல்லாம் என் போன் யுபிஐயில், ரீசார்ஜ் என்று சொல்லி வாங்கியது.

அதோடு விடவில்லை. கிஃப்ட் அனுப்ப வேண்டும் என்று பிறந்த தேதி, மெயில் ஐடி, கடைசியாக ஓடிபி. அந்த ஓடிபி என் நம்பருக்கு வந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது. தம்பி தயங்கியதும் பிளாக் செய்துவிட்டு ஓடிவிட்டான்.

கார்டு விற்ற ஆப்பில் கேட்டால், கோடு பயன்படுத்தப்பட்டுவிட்டது, ரீஃபண்ட் கிடையாதாம். எந்த அக்கவுண்டில் ஏறியது என்றால் அதைச் சொல்ல மாட்டார்களாம். பேங்க்கில், “நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானே மேடம்?” கேம் கம்பெனியிலிருந்து “தொடர்புகொண்டதற்கு நன்றி” என்று ஒரு தானியங்கி மெயில். வெளி ஆப்பில் நடந்ததற்கு அவர்கள் பொறுப்பில்லையாம். ஆக 6,000 ரூபாய்க்கு யாருமே பொறுப்பில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. கேமுக்குள்ளேயே கிஃப்ட் அனுப்ப பிளேயர் ஐடி போதும். கோடோ ஓடிபியோ கேட்கிறவன் திருடன். கார்டு கோடும் ரொக்கமும் ஒன்றுதான், பார்த்தவன் எடுத்துக்கொள்வான். சாட்டை விட்டு வெளியே கூப்பிட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ அங்கேயே நிறுத்துங்கள். கோடு போய்விட்டதென்றால் உடனே கார்டு விற்றவரிடம் ஆர்டர் நம்பரைச் சொல்லி முடக்கச் சொல்லுங்கள். இன்னும் பயன்படுத்தாமல் இருந்தால்தான் வாய்ப்பு. கூடவே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in-இலும் புகார் கொடுக்கலாம். அவன் பெயரை மாற்றிவிடுவான், அதனால் எண்ணாக இருக்கும் பிளேயர் ஐடியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எங்களிடம் பெயர் மட்டும்தான் இருந்தது.