லிங்க் அனுப்பிக் கேட்பதா, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதா?

சுங்கை சிப்புட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் ஒரு அக்காவுக்காக ஆர்டர் எடுக்கும் தளம் ஒன்று தயார். தீபாவளிக்கு முன் திறக்க வேண்டும். அதற்குள் நண்பர்களிடம் கொடுத்துப் பார்க்க மூன்று வழிகள் இருக்கின்றன. வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டுக் கருத்துக் கேட்கலாம். வீடியோ அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லிப் பார்க்கலாம். நேரில் போய்ப் பக்கத்தில் உட்காரலாம்.

முதல் வழியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். "நல்லா இருக்கு தம்பி", இரண்டு கட்டைவிரல், அவ்வளவுதான் வரும். தெரிந்தவர் மனம் நோக யாரும் எழுதமாட்டார்கள். அதோடு, முகப்பைப் பார்த்துவிட்டு மூடியவர்தான் பெரும்பாலும் கருத்துச் சொல்கிறார். பணம் கட்டும் பக்கம் வரை போனவர் அபூர்வம். எழுத்துப்பிழை கண்டுபிடிக்க இந்த வழி போதும்.

மற்ற இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி. இரண்டிலும் வேலை ஒன்றே. "தளத்தைப் பாருங்கள்" என்று சொல்லாமல், "கோலக் கங்சாரில் இருக்கும் அத்தைக்கு ரெண்டு பாக்கெட் முறுக்கு அனுப்பணும், பணமும் கட்டிடுங்க" என்று ஒரு காரியத்தைக் கொடுக்க வேண்டும். பொத்தானில் உள்ள சொல்லை இந்த வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடாது. சொன்னால் அவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். "இதை அழுத்தவா?" என்று கேட்டால், "நான் இங்க இல்லேன்னா என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, கை பரபரக்கும்.

திரைப் பகிர்வின் வசதி தெரிந்ததே: ஈப்போவிலோ பினாங்கிலோ வேலை செய்யும் நண்பரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் திரைதான் தெரியும், விரல் தெரியாது. ஒரு பொத்தான் மேல் விரல் தயங்கி நின்று விலகுவதை அது காட்டாது. அதைவிடப் பெரிய குறை, பல வங்கி ஆப்கள் பாதுகாப்புக்காகத் திரைப் பதிவைத் தடுத்து வைத்திருக்கின்றன. நண்பர் வங்கி ஆப்பைத் திறந்ததும் நம் பக்கம் கருப்புத் திரைதான்.

இந்தத் தளத்தில் சிக்கல் சரியாக அங்கேதான் இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் டுயிட்நவ் கியூஆர் படம் ஒன்று இருக்கிறது. கடை மேசையில் ஒட்டியிருந்தால் போனை நீட்டி ஸ்கேன் செய்யலாம். தளமே போனில் திறந்திருந்தால்? நேரில் பார்த்தபோது ஒரு நண்பர் கியூஆரைப் பார்த்தார், கேமராவைத் திறந்தார், பிறகு "உங்க போனை கொஞ்சம் கொடுங்க" என்றார். படத்தைச் சேமித்து, வங்கி ஆப்பின் ஸ்கேன் பக்கத்தில் கேலரியிலிருந்து எடுக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சொல்ல வேண்டியது தளம்தான்.

இன்னொன்று. படத்தைச் சேமித்து வங்கி ஆப்புக்குப் போன இன்னொரு நண்பருக்கு, மொத்தத் தொகை மறந்துபோனது. அது தொகை பதியாத கியூஆர், அவரே தட்டவேண்டும். பார்த்து வரத் திரும்பினால், நினைவகம் குறைந்த அந்தப் போனில் பக்கம் புதிதாக ஏறி, நிரப்பிய முகவரியும் கூடையும் காலி. என் போனில் சோதித்திருந்தால் இது நடந்திருக்காது. அதனால் நேரில் போனாலும் நம் போனை நீட்டக்கூடாது. அவருடைய போன், அவருடைய வங்கி ஆப், அவருடைய லைன். சோதனைக்கு ஒரு ரிங்கிட் விலையில் ஒரு பொருளை வைத்து, பணத்தைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால் யாரும் தயங்கமாட்டார்கள்.

திருத்தம் சின்னதுதான்: கூடையை உலாவியிலேயே சேமித்து வைப்பது, தொகையைக் கியூஆர் படத்துக்குள்ளேயே எழுதுவது, கீழே "படத்தைச் சேமித்து, வங்கி ஆப்பில் கேலரியிலிருந்து எடுங்கள்" என்று ஒரு வரி.

எத்தனை பேர்? ஒரு தளத்தைச் சோதிக்க 5 பேர் போதும் என்று 2000இல் பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதினார். ஒருவர் சராசரியாக 31 சதவீதக் குறைகளைக் காட்டுகிறார், 5 பேரில் சுமார் 85 சதவீதம் வெளிவரும் என்பது அவர் கணக்கு. அது பல திட்டங்களின் சராசரி. நம் தளத்துக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரே சொல்வதுபோல, கொஞ்சம் பேரை வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி பார்ப்பதே லாபம். என் ஏற்பாடு: பணம் கட்டும் பகுதிக்கு நேரில் மூன்று பேர், திருத்தியபின் வேறு மூன்று பேர். பொருள் தேர்வு, முகவரிப் பகுதிக்கு மட்டும் திரைப் பகிர்வு. முதல் சுற்றில் வந்தவரை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடாதீர்கள், அவருக்கு வழி ஏற்கெனவே தெரியும்.