சீசியம் படிந்த தரையில் நிற்பவருக்கு எவ்வளவு டோஸ்? மூன்று கணக்குகள்

செர்னோபிலுக்குப் பிறகு சோவியத் அரசு கடும் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வைத்த எல்லை, சதுர கிலோமீட்டருக்கு 15 கியூரி சீசியம்-137. சதுர மீட்டருக்கு 555 கிலோபெக்கரல். அந்த மண்மேல் ஒருவர் நிற்கிறார். மணிக்கு எவ்வளவு டோஸ்?

முதல் வழி, கையால் போடுவது. தரையை எல்லையில்லாத மட்டமான தளமாக எடுத்துக்கொண்டு, ஒரு மீட்டர் உயரத்துக்கு நேராக வந்து சேரும் 662 கிலோஎலக்ட்ரான்வோல்ட் காமாக் கதிரை மட்டும் எண்ண வேண்டும். ஒரு கிலோபெக்கரலுக்கு மணிக்குச் சுமார் 2 நானோகிரே வரும். இதில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: இந்தக் கதிரில் ஏறக்குறைய பாதி, பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து வருகிறது. காலடி மண்ணை மட்டும் சுரண்டி எடுத்தால் கதிர் அளக்கும் கருவியின் அளவு பெரிதாக இறங்காததற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்ட 12ஆம் வழிகாட்டி அறிக்கையின் அட்டவணை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சீசியம்-137 வரியை எடுத்தால் டோஸ் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைந்துபோகும். காமாவை வெளியிடுவது அதன் சேய், பேரியம்-137எம். அதன் வரியை எடுத்து, சீசியம் சிதைவில் அது உருவாகும் பங்கான 0.946-ஆல் பெருக்க வேண்டும்:

```
5.86e-16 × 0.946 × 3600 × 1000 ≈ 2.0e-9 Sv/h
```

இதுவும் ஒரு கிலோபெக்கரலுக்கு 2 நானோசீவர்ட்தான். ஆனால் இந்தப் பொருத்தத்தை நம்பிவிடக் கூடாது. கைக்கணக்கில் காற்றிலும் மண்ணிலும் சிதறி வரும் கதிர் விடுபட்டது. காற்றின் டோஸை உடலுக்கு மாற்றும்போது வரும் குறைவும் விடுபட்டது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. வேறு ஆற்றல் கொண்ட ஐசோடோப்புக்கு இப்படி அமையும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, 555-க்கு மணிக்கு 1.1 மைக்ரோசீவர்ட். ஆண்டு முழுக்க அங்கேயே நின்றால் 9.7 மில்லிசீவர்ட். நிஜத் தரை மேடும் பள்ளமுமாக இருப்பதால் வழக்கமாக 0.7-ஆல் பெருக்குவார்கள்.

மூன்றாவது, சீசியம் காலப்போக்கில் மண்ணுக்குள் இறங்குவதையும் சேர்ப்பது. அப்படி இறங்கிய பிறகு டோஸில் மிஞ்சும் பங்குக்குக் கேல் குழுவினர் 1964-இல் வெளியிட்ட சூத்திரம், t ஆண்டில்:

```
0.63·exp(-1.13 t) + 0.37·exp(-0.0075 t)
```

பத்து ஆண்டுக்கு இது 0.34. கதிரியக்கச் சிதைவில் மிஞ்சுவது 0.79. இரண்டையும் பெருக்கினால் 0.27; அதாவது மணிக்கு 0.3 மைக்ரோசீவர்ட். சிதைவை மட்டும் பார்த்தவருக்கு 0.88 மைக்ரோசீவர்ட் வந்திருக்கும்.

புதிதாகப் படிந்த மண்ணுக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். பழைய மண்ணுக்கு மூன்றாவது. அதுவும், உழாத நிலத்துக்கு மட்டும். உழுத வயலில் சீசியம் ஏர் போன ஆழம் வரை கலந்துவிடும், சூத்திரம் பொருந்தாது. அங்கே மண்ணை அடுக்கடுக்காக வெட்டி அளந்த பிறகுதான் கணக்கில் இறங்க வேண்டும்.