நரைத்த தாடிக்கு டையா, மருதாணியா?

பாளையங்கோட்டை சலூனில் டை பூசினால் சில நிமிடங்களில் தாடி கறுத்துவிடும். ஆனால் அந்தக் கறுப்பைத் தரும் பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்கு ஒவ்வாது. முகம் சிவந்து அரிக்கும், வீங்கும். 48 மணி நேரம் முன்பே காதின் பின்புறம் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். சவரக் கீறல் இருந்தால் பூசவே கூடாது.

மருதாணிக்குப் பொறுமை வேண்டும். தனியாகப் பூசினால் நரை செம்பட்டையாகும். அதை அலசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் குழைத்த அவுரிப் பொடியைப் பூசினால்தான் கறுக்கும். அவுரியும் புதிதென்றால் அதே சோதனை தேவை. ‘கறுப்பு மருதாணி’ பாக்கெட்டுகளில் அந்த பிபிடியே ஒளிந்திருக்கலாம், பின்பக்கத்தைப் படியுங்கள்.

மெல்லிய தோலுக்கு என் ஓட்டு மருதாணி-அவுரிக்கே. நாளைக் காலை கல்யாணம் என்றால், ஏற்கெனவே ஒத்துக்கொண்ட டை போதும்.