இத்தாலிய ஹோட்டல் விமர்சனம்: ஆங்கிலத்துக்கு மூன்று வழிகள்

ரிமினி கடற்கரையில் ஒரு மூன்று நட்சத்திர ஹோட்டல். இத்தாலியன் தெரியாத மேலாளருக்காக விமர்சனங்களை ஆங்கிலமாக்க வேண்டும். மாதிரிக்கு நானே ஒன்று எழுதிக்கொண்டேன்: "அல்லூச்சினாந்தே! ஜன்னல் இல்லாத குளியலறை, வெட்கக்கேடான சாக்கடை நாற்றம். வெந்நீர் வராது. ரிசப்ஷனை ஆயிரம் முறை கூப்பிட்டோம்."

முதல் வழி, சொல்லுக்குச் சொல். அல்லூச்சினாந்தே என்றால் மனப்பிரமை பிடிக்க வைப்பது. இத்தாலியர்கள் நீண்ட வரிசையைப் பார்த்தும் இதைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அப்படியே வைத்தால், வெட்கக்கேடும் ஆயிரம் முறையும் சேர்ந்து, யாரோ கோபக்காரர் கத்துவதாகத் தோன்றும். மேலாளர் நாற்றத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிடுவார்.

இரண்டாவது, ஆங்கிலேயருக்கு ஏற்றபடி தணித்து எழுதுவது. "ஆயிரம் முறை" என்பது "பலமுறை" ஆகும், அது சரி. ஆனால் தணிக்கிற கை அங்கே நிற்பதில்லை. சாக்கடை நாற்றமும் "லேசான துர்நாற்றம்" ஆகிவிடும். மூன்றில் இதுதான் மோசமானது என்பேன், ஏனென்றால் படிக்கச் சுகமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. சாக்கடை என்பது இங்கே திட்டு அல்ல, துப்பு. ஷவருக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. அறை சில வாரம் பூட்டிக் கிடந்தால் அது வற்றிப்போகும். ஜன்னலும் இல்லை, எக்ஸாஸ்ட் விசிறியும் ஓடவில்லை என்றால் நாற்றம் அங்கேயே தங்கும். பிளம்பருக்கு இந்த ஒரு வரி போதும்.

மூன்றாவது, இரண்டு பத்தியாகப் பிரிப்பது. இடப்பக்கம் நேரில் போய்ச் சரிபார்க்கக்கூடியவை: ஜன்னல், சாக்கடை, வெந்நீர். இவற்றை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் எழுத வேண்டும். வலப்பக்கம் கோபச் சொற்களும் "ஆயிரம் முறை" போன்ற மிகைப்படுத்திய எண்களும். வினையின் காலமும் இடப்பக்கத்துக்கே உரியது. வெந்நீருக்கு இத்தாலியனில் "மான்காவா" என்று எழுதியிருந்தால் தங்கிய நாளெல்லாம் வெந்நீர் இல்லாமலோ அடிக்கடி நின்றுபோயோ இருந்தது என்று பொருள். "எ மான்காத்தா" என்றால் பெரும்பாலும் எப்போதோ ஒரு சமயம் நின்றுபோனது. ஆங்கிலத்தில் சாதாரண இறந்தகாலம் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் "கெப்ட் ரன்னிங் அவுட்" என்றோ "ரேன் அவுட் ஒன்ஸ்" என்றோ பிரித்துச் சொல்ல வேண்டும். முன்னது கொதிகலன் கோளாறாக இருக்கலாம், பின்னது ஒருநாள் தடங்கலாக இருக்கலாம்.

இந்த வழியில் வேலை அதிகம். அப்புறம், கிண்டல் எந்தப் பத்தியிலும் அடங்காது. புகாருக்கு நடுவே "கொம்ப்ளிமெந்தி!" என்று வந்தால் அது பாராட்டல்ல, குத்தல், ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதித்தான் ஆக வேண்டும். நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தால், முதல் வழியில் வேகமாக ஓட்டிப் பார்த்து, இடமோ பொருளோ குறிப்பிட்டிருக்கும் விமர்சனங்களை மட்டும் மூன்றாவது வழிக்கு எடுத்துக்கொள்வேன். தணித்து எழுதுவது ஹோட்டல் விளம்பரத்துக்கு வேண்டுமானால் ஆகும்.