ஒப்பந்தம் முடியும் முன்னே வாடகை உயர்வு: எந்தப் பதில் எடுபடும்?

சென்னையில் ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தம் 1.6.2025 முதல் 30.4.2026 வரை, வழக்கமான பதினொரு மாதக் கணக்கு. மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 42,000. ஜனவரி 10 அன்று ஹவுஸ் ஓனரிடமிருந்து வாட்ஸ்அப் வருகிறது: "பிப்ரவரியிலிருந்து 16,500 போட்டுடுங்க." குடியிருப்பவர் மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்: வாய்வார்த்தையாகச் சமாளிப்பது, ஒப்பந்தப் பத்தியைக் காட்டி எழுத்தில் மறுப்பது, வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது.

வாய்வார்த்தைதான் பெரும்பாலானோர் செய்வது. "இப்ப கொஞ்சம் கஷ்டம் சார், ரெண்டு மாசம் போகட்டும்" என்பார்கள். மரியாதையான பேச்சுதான், ஆனால் உயர்வு நியாயம், நேரம்தான் சரியில்லை என்று ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுகிறது. "இந்த ஒரு மாசம் மட்டும்" என்று 16,500 அனுப்பிவிட்டால் இன்னும் சிக்கல். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, இருவரும் சம்மதித்தால்தான் பழைய ஒப்பந்தத்தை மாற்ற முடியும். அந்தச் சம்மதத்துக்கு உங்கள் வங்கிக் கணக்கே சாட்சி என்று அவர் வாதிட வழி திறந்துவிடுவீர்கள்.

வக்கீல் நோட்டீஸ் மறுகோடி. இங்கே தகராறில் இருப்பது மாதம் 2,500, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மொத்தம் 7,500 ரூபாய். வக்கீல் ஃபீஸை அதோடு வைத்துப் பாருங்கள். தவிர, நோட்டீஸ் போன வீட்டில் புதுப்பிப்புப் பேச்சே இருக்காது. தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது என்று மிரட்டல் வந்தால் அப்போது வக்கீலைப் பார்க்கலாம்.

நடுவில் இருக்கும் எழுத்து மறுப்புதான் இந்த வழக்குக்குப் பொருத்தம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டமும் வாடகை உயர்வை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிடமே விடுகிறது. ஆகவே பதிலில் இருக்க வேண்டியது ஒரே வாதம், அந்தப் பத்தி:

"மதிப்பிற்குரிய ஐயா, பிப்ரவரி முதல் மாத வாடகை 16,500 ரூபாய் தரும்படி ஜனவரி 10 அன்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். நமது ஒப்பந்தத்தின் 3-ஆம் பத்தி 30.4.2026 வரை வாடகையை 14,000 ரூபாய் என நிர்ணயித்துள்ளது. இடையில் உயர்த்த அதில் வழியில்லை. எனவே இந்த உயர்வுக்கு நான் சம்மதிக்கவில்லை. 14,000 ரூபாயை வழக்கம்போல் 5-ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன். புதுப்பிப்பு வாடகை பற்றி மார்ச்சில் பேசலாம்."

அவ்வளவுதான். குழாய் ஒழுகுவதையும் பக்கத்து வீட்டு வாடகையையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மறுப்பு பேரமாகிவிடும். "குழாயைச் சரிபண்ணித் தரேன், ஏத்திக் கொடுங்க" என்பார். அவர் கேட்ட அதே வாட்ஸ்அப்பில் கடிதத்தை அனுப்பி, ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் கூடவே வையுங்கள். அவர் பதில் சொல்லாமல் இழுத்தால் ஸ்பீடு போஸ்டில் ஒரு பிரதி போகட்டும். (பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் அதோடு சேர்த்துவிட்டார்கள்.) முக்கியமாக, பிப்ரவரி வாடகை ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது. தாமதித்தால் பேச்சு உயர்விலிருந்து உங்கள் பாக்கிக்குத் தாவிவிடும்.

ஆனால் அனுப்பும் முன் ஒப்பந்தம் முழுவதையும் படியுங்கள், வாடகைப் பத்தியை மட்டும் அல்ல. "பரஸ்பர சம்மதத்தின் பேரில் மாற்றலாம்" என்றிருந்தால் கவலையில்லை. சம்மதம் இல்லை என்பதே உங்கள் பதில். "ஆறு மாதம் கழித்து 5 சதவீதம் கூடும்" என்றிருந்தால் 700 ரூபாய் கொடுத்தாக வேண்டும். மீதி 1,800-ஐ மட்டும் மறுக்கலாம். வாடகையைத் தொடாமல் மெயின்டனன்ஸை ஏற்றுகிறார் என்றால், அது வாடகைக்குள் அடக்கமா, தனிக் கணக்கா என்று பாருங்கள். தனி என்றும் தொகை குறிக்கவில்லை என்றும் இருந்தால், இந்தக் கடிதம் அதைத் தடுக்காது.

பலர் கோட்டைவிடும் இடம் கடைசிப் பக்கம். "இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம், செய்யச் சொல்லலாம்" என்ற வரி பல ஒப்பந்தங்களில் அப்படியே காப்பியடித்து வைத்திருக்கும். அது இருந்தால் அவரால் வாடகையை ஏற்ற முடியாதுதான், ஆனால் முன்னறிவிப்பைக் கையில் எடுக்கலாம். வீடு மாறும் செலவு, லாரிக்கும் புரோக்கருக்கும் சேர்த்து, 7,500-ஐத் தாண்டும் என்றால் நான்காவது வழியான சமரசம் மலிவு. கடிதத்தை அனுப்பிவிட்டு, மே முதல் புதிய வாடகைக்குச் சம்மதிப்பதாகப் பேசுங்கள். பேசி முடிந்ததை ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: தொகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து, எதுவரை, அதுவரை காலி செய்யச் சொல்ல மாட்டார் என்பதும்.