குட்டிக் காரின் அடித்தகடு: மேட்ச்பாக்ஸ், ஹாட் வீல்ஸ், டொமிக்கா, மஜோரெட், எதை எதற்கு நம்பலாம்?

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயன்களைக் காலி செய்துவிட்டு தாமான் வீட்டுக்குப் போகிறவர்கள் கழித்துவிடும் ரொட்டி டின்களில்தான் எங்களுக்குப் பழைய டைகாஸ்ட் கார்கள், அதாவது உலோகத்தை வார்த்துச் செய்த குட்டிக் கார்கள், கிடைக்கின்றன. பெட்டி இருக்காது, பெயின்ட் பாதி உதிர்ந்திருக்கும், கதவில் ஒட்டிய ஸ்டிக்கர் போன இடம் தெரியாது. மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அடித்தகடு. அதைத் திருப்பிப் பார்த்ததும் பெரும்பாலானவர்கள் கேட்பது இதுதான்: “அண்ணே, மேட் இன் மலேசியான்னு இருக்கு, 1988னும் போட்டிருக்கு, அப்படின்னா நம்ம ஊர்ல 88ல செஞ்ச காரா?” முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்பதற்கு நான்கு கம்பெனிகளின் அடித்தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒப்பிட வசதியாக வோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொள்கிறேன். நான்கு கம்பெனியும் அதைச் செய்திருக்கின்றன. உண்மையான காரின் அளவும் நன்றாகத் தெரிந்தது: முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடையே 2400 மில்லிமீட்டர். 1302, 1303 என்ற பிந்தைய மாடல்களில் மட்டும் 20 மில்லிமீட்டர் கூடுதல், அது குட்டிக் காரில் கண்ணுக்கே தெரியாது.

ஸ்கேல், அதாவது உண்மைக் காரை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது, மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு டொமிக்காவை அடிக்க ஆள் இல்லை. 1970இல் ஜப்பானில் தொடங்கிய இந்த வரிசையில் அடித்தகட்டிலேயே கார் பெயர், எஸ் என்ற எழுத்து, சமக்குறி, அதன் பிறகு 1/60 போன்ற விகிதம் என்று வெளிப்படையாக எழுதிவிடுவார்கள். ஒரு காருக்கு 1/60 இருக்கும், பக்கத்துக் காருக்கு 1/65 இருக்கும், பஸ் என்றால் 1/130 பக்கம் போய்விடும். குழப்பமாகத் தெரியலாம், ஆனால் காரணம் எளிது: எல்லா வண்டியும் ஏறக்குறைய ஒரே அளவுப் பெட்டிக்குள் போக வேண்டும், அதனால் பெரிய வண்டி அதிகம் சுருங்குகிறது. அதை மறைக்காமல் அடியில் எழுதிவைப்பதால் எனக்கு டொமிக்கா மேல் மரியாதை. காலத்தைக் கண்டுபிடிக்க ஊர்ப் பெயர் கொஞ்சம் உதவும். ஜப்பான் என்றால் பழையது, சீனா நடுவில், வியட்நாம் புதியது. ஆனால் வரிசையில் அந்தக் காருக்குக் கொடுத்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கார் நிறுத்தப்பட்டால் அதே எண் அடுத்த காருக்குப் போய்விடும், ஆகவே 23ஆம் எண் என்று தெரிந்துகொண்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, எந்தக் காலத்து 23 என்று தெரிய வேண்டும்.

மஜோரெட் பிரெஞ்சுக்காரர்களுடையது. அதுவும் ஸ்கேலை எழுதும், ஆனால் எஸ் போடாமல் ஸ்கேலுக்கான பிரெஞ்சுச் சொல்லை ‘எஷ்’ என்று சுருக்கி ஒரு புள்ளி வைத்து அதன் பிறகு 1/60 என்று போடும். இதைத் தெரியாதவர்கள் ஏதோ மாடல் பெயர் என்று நினைத்துத் தேடித் தேடிச் சலித்துப்போகிறார்கள். கூடவே பிரான்ஸ் என்றிருந்தால் பழைய தலைமுறை. இன்று கடையில் தொங்குவதில் தாய்லாந்து என்றுதான் இருக்கும். டொமிக்கா அளவுக்கு நேர்த்தி கிடையாது, எழுத்து மேலோட்டமாக இருப்பதால் தேய்ந்த வண்டியில் சீக்கிரம் அழிந்துவிடுகிறது. ஆனாலும் ஸ்கேல் விஷயத்தில் இது இரண்டாவது இடம், சந்தேகமே இல்லை.

இனி அந்த 1988 கேள்விக்கு வருவோம், விஷயம் இருப்பதே இங்கேதான். ஹாட் வீல்ஸ் அடித்தகட்டில் இருக்கும் ஆண்டு, காரை வார்க்கும் அச்சின் வடிவத்துக்கான பதிப்புரிமையின் ஆண்டு. கார் எப்போது வார்க்கப்பட்டது என்பதை அது சொல்லாது. பெரும்பாலும் கார் கடைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டாக அது இருக்கும், அச்சு நன்றாக ஓடினால் அதே ஆண்டைச் சுமந்துகொண்டு பல வருடம் கார்கள் வந்துகொண்டே இருக்கும். வி.டபிள்யூ. பக் என்ற அந்த பீட்டில் 1989இல் வந்தது, அடியில் 1988. பத்து வருடம் கழித்து வாங்கியவர் வீட்டிலும் அடியில் 1988தான். ஹாட் வீல்ஸைச் செய்யும் மேட்டல் கம்பெனி பினாங்கின் பிறையில் பெரிய ஆலை வைத்திருப்பதால் ‘மலேசியா’ என்ற சொல்லும் ஆண்டைச் சுருக்கித் தராது, பல தலைமுறைக் கார்களில் அது இருக்கிறது.

சரி, அப்படியானால் ஹாட் வீல்ஸில் ஆண்டே தெரியாதா? 2008இலோ அதற்குப் பிறகோ வந்தது என்றால் வாரமே தெரியும். அடித்தகட்டில் தனியாக ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் பதிந்திருக்கும், முக்கிய எழுத்துகளை விடச் சிறியது, வேறு கோணத்தில் குத்தியது போல இருக்கும். எழுத்து ஆண்டு, இலக்கம் வாரம். 2008க்கு ஏ, 2009க்கு பி என்று போகும். எஃப் 21 என்று இருந்தால் 2013ஆம் ஆண்டின் 21ஆவது வாரம். எண் ஒன்று போலத் தெரியும் ஐ எழுத்தையும் பூஜ்யம் போலத் தெரியும் ஓ எழுத்தையும் விட்டுவிடுவார்கள், ஆகையால் எச் 2015 என்றால் ஜே 2016. விரல்விட்டு எண்ணும்போது இந்தத் தாவலை மறந்தால் ஒரு வருடம் பிசகும். இந்தக் குறி இருக்கும் வண்டிக்கு அவ்வளவு துல்லியமான தேதி கிடைத்துவிடும். ஆனால் ஸ்கேலுக்கு ஹாட் வீல்ஸ் கைவிரித்துவிடும். 1/64 என்று எல்லாரும் சொல்வது ஒரு வகைப் பெயர், அவ்வளவுதான். லாரியும் சின்னக் காரும் ஒரே நீளத்தில் இருக்கும்போது இரண்டும் 1/64 ஆக இருக்க வழியே இல்லை.

மேட்ச்பாக்ஸ் இந்த நான்கில் பழையது, லண்டன் லெஸ்னி கம்பெனி 1953இல் தொடங்கிய 75 கார் வரிசை. இங்கே ஆண்டை விட ஊரும் கம்பெனிப் பெயரும் நன்றாகப் பேசும். லெஸ்னி, இங்கிலாந்து என்றிருந்தால் 1982க்கு முந்தையது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம், அந்த ஆண்டு லெஸ்னி திவாலாகி ஹாங்காங் கம்பெனி கைக்குப் போனது, அதன் பிறகு மக்காவ், அப்புறம் சீனா, தாய்லாந்து. 1979 என்ற ஆண்டும் மக்காவ் என்ற ஊரும் ஒரே தகட்டில் இருந்தால் குழம்ப வேண்டாம், அச்சு இங்கிலாந்துக்காரர்கள் காலத்தது, வார்த்தது புது முதலாளி காலத்தில். இரண்டில் பிந்தியதைத்தான் காரின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேல்? பழைய மேட்ச்பாக்ஸில் அதையும் நீங்களேதான் அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்பதை ஒரு வண்டியோடு சொல்கிறேன். இங்கே ஒரு சந்தையில் 3 ரிங்கிட்டுக்கு வந்த பீட்டில், அடியில் ஹாங்காங் என்ற சொல்லும் ஒரு எண்ணும் தவிர வேறு எதுவும் இல்லை. சக்கரத்தின் மையத்திலிருந்து மையம் வரை வெர்னியரில் 36 மில்லிமீட்டர். 2400ஐ 36ஆல் வகுத்தால் 66.7. அதோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனென்றால் மலிவு வண்டிகளில் ஒரே தகட்டையும் ஒரே சக்கர இடைவெளியையும் பல உடல்களுக்குப் பொருத்துவார்கள். அதனால் மொத்த நீளத்தையும் பார்க்க வேண்டும்: 60 மில்லிமீட்டர். உண்மைக் கார் சுமார் 4070, வகுத்தால் 67.8. இரண்டும் ஒத்துப்போவதால் 1/67 பக்கம் என்று எழுதலாம். அகலத்தை அளந்தபோது 26, உண்மையில் சுமார் 1540, வகுத்தால் 59 வருகிறது. கை தவறிவிட்டது என்று நினைக்காதீர்கள். வண்டி கையில் கனமாகத் தெரிய வேண்டும், சக்கரம் நன்றாக உருள வேண்டும் என்பதற்காகக் குண்டாக்கியிருக்கிறார்கள், குட்டிக் கார் உலகில் இது சகஜம். அகலத்தை ஸ்கேலுக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். வெர்னியர் இல்லாமல் பள்ளிக்கூட ரூலர் வைத்து அளந்தால் அரை மில்லிமீட்டர் தவறலாம், அந்த அரை மில்லிமீட்டரே விடையை ஏறக்குறைய ஒரு எண் மேலோ கீழோ தள்ளும். 1/66.7 என்று தசமத்தோடு எழுதி விற்பவரைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

யார் செய்தது என்ற கேள்விக்கு இந்த வண்டியில் பதில் வரவில்லை. வெறும் ஹாங்காங் என்பது பல கம்பெனிகளின் கார்களில் இருக்கும் சொல், எண்ணை வைத்து உடலின் அச்சையும் ஜன்னல் பிளாஸ்டிக்கையும் பெயர் தெரிந்த வண்டியோடு ஒப்பிட்டால்தான் முடிவுக்கு வர முடியும், அதுவரை ‘தயாரிப்பாளர் தெரியவில்லை, ஹாங்காங், சுமார் 1/67’ என்று குறித்து வைப்பதே நேர்மை.

எழுத்தைப் படிக்கவே முடியாத வண்டிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து மண்ணில் கிடந்தவற்றுக்கு எழுத்து இடுக்கில் செம்மண் இறுகியிருக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மரப் பல்குச்சியால் மெல்லக் கிளறுங்கள், பிரசோ போட்டுத் தேய்க்காதீர்கள், மேடாக இருக்கும் எழுத்துதான் முதலில் தேயும். பிறகு இருட்டான மூலையில் கைபேசி டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போலப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் காணாத எழுத்து நிழலாகத் தெரியும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுப்பதும் நன்றாக வேலை செய்கிறது, குறிப்பாக மஜோரெட்டுக்கு.

கடைசியாக, எழுத்தை நம்புவதற்கு முன் ரிவிட்டைப் பாருங்கள். இந்த நான்கு கம்பெனிகளின் வழக்கமான மலிவு வரிசையில் உடலும் தகடும் ரிவிட்டால்தான் இணைக்கப்பட்டிருக்கும், தலை உருண்டையாக, தகட்டின் பழைய நிறத்திலேயே இருக்கும். அங்கே திருகாணி இருந்தாலோ, தலை துளைக்கப்பட்டுப் பளபளவென்று உலோகம் தெரிந்தாலோ, பசை வழிந்திருந்தாலோ யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்ததும் தகடு மாற்றியிருக்கலாம், லெஸ்னி தகட்டின் மேல் வேறு உடல் உட்கார்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியில் அடியில் எழுதியிருப்பது தகட்டைப் பற்றியது மட்டும்தான், மேலே இருப்பதைத் தனியாக அளந்து, தனியாக அடையாளம் கண்ட பிறகுதான் விலை பேச வேண்டும்.